ஒன்று ஏறியது, மற்றொன்று ஏறவில்லை

2007 அக்டோபர் 9 அன்று நியூயார்க்கில் வர்த்தகம் முடிந்தபோது, டவ் ஜோன்ஸ் தொழில்துறைச் சராசரி 14,164 புள்ளிகளில் நின்றது. அதற்கு முன் அது அந்த உயரத்தைத் தொட்டதில்லை. அதே நாளில், அதே நிறுவனம் வெளியிடும் இன்னொரு சராசரியைக் கவனித்தவர்கள் குறைவு. ரயில், லாரி, விமானம், கூரியர் நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட டவ் ஜோன்ஸ் போக்குவரத்துச் சராசரிதான் அது. ஜூலை 19 அன்று 5,446-ல் உச்சம் தொட்ட அந்தச் சராசரி, பிறகு இறங்கிவிட்டது. அக்டோபரில் மறுபடி ஏறிப் பார்த்தது. ஜூலை உயரத்தை எட்டவே முடியவில்லை.

ஒரு சராசரி புதிய உச்சத்தில், மற்றொன்று பழைய உச்சத்துக்குக் கீழே. இந்த நிலைக்கு என்ன பொருள் என்பதைப் பற்றி அமெரிக்கச் சந்தைக்காரர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பேசிவருகிறார்கள். 'டவ் தியரி' என்று அழைக்கப்படும் பழைய கோட்பாட்டின் மையமே இதுதான். ஒரு சராசரியின் நகர்வை மற்றொன்றும் பின்தொடர்ந்தால் 'உறுதியானது' என்பார்கள். பின்தொடராவிட்டால் 'உறுதியாகவில்லை' என்பார்கள். உறுதியாகவில்லை என்றவுடனே பங்குகளை விற்றுவிட வேண்டும் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். கோட்பாடு அப்படிச் சொல்லவில்லை. அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் பார்க்க 2007-ல் தொடங்கிய அந்த இரண்டு ஆண்டுகளைவிட நல்ல பாடம் கிடைக்காது. அதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

இரண்டு சராசரிகள் எதற்கு?

சார்லஸ் டவ் பத்திரிகைக்காரர். எட்வர்டு ஜோன்ஸ், சார்லஸ் பெர்க்ஸ்ட்ரெசர் ஆகியோருடன் சேர்ந்து 1882-ல் டவ் ஜோன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் 1889-ல் அங்கிருந்துதான் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1884-ல், சந்தையின் போக்கை ஒரே எண்ணில் காட்டுவதற்காக 11 பங்குகளின் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து வெளியிட்டார். அந்தப் பதினொன்றில் ஒன்பது ரயில்வே நிறுவனங்கள். அன்றைய அமெரிக்காவில் பெரிய முதலீடு என்றால் ரயில்வேதான்.

தொழிற்சாலைப் பங்குகள் அப்போது நம்பிக்கை பெறாத புதுமுகங்கள். அவற்றுக்கென்று தனிச் சராசரி 1896 மே மாதத்தில் வந்தது. சர்க்கரை, புகையிலை, தோல், ரப்பர், ஈயம், நிலக்கரி, இரும்பு, எரிவாயு என்று 12 நிறுவனங்கள். அதே ஆண்டில் ரயில்வே பங்குகளும் தனிச் சராசரியாகப் பிரிந்தன. அன்று முதல் இரண்டும் அருகருகே அச்சாகிவந்தன. தொழில்துறைச் சராசரியில் பங்குகளின் எண்ணிக்கை 1928-ல் 30 ஆனது. ரயில்வே சராசரியில் விமான, லாரி நிறுவனங்கள் சேர்க்கப்பட்டு, 1970-ல் அது போக்குவரத்துச் சராசரி ஆனது. அதில் 20 பங்குகள்.

இந்த ஜோடிக்குப் பின்னால் இருந்த எண்ணம் எளிமையானது. ஆலை சரக்கைச் செய்கிறது. ரயில் அதைக் கொண்டுபோகிறது. ஆலைகளின் பங்குகள் ஏறுகின்றன என்றால், அவை நிறைய விற்கப் போகின்றன என்று முதலீட்டாளர்கள் எதிர்பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பு சரியாக இருந்தால் மூலப்பொருள் ஆலைக்குள் வரவேண்டும், செய்த பொருள் கடைக்குப் போகவேண்டும். இரண்டுக்கும் ரயில்வேக்குக் கூலி கிடைக்கும், அதன் பங்கும் ஏறும். ஆலைப் பங்கு ஏறியும் ரயில்வே பங்கு ஏறாவிட்டால், செய்த பொருள் கிடங்கிலேயே தேங்குகிறதோ என்ற சந்தேகம் வரும். ஒரே பொருளாதாரத்தை இரு வேறு இடங்களில் நின்று பார்க்கும் இரு தரப்பு முதலீட்டாளர்கள் ஒரே முடிவுக்கு வந்தார்களா என்பதே கேள்வி.

டவ் இதை ஒரு கோட்பாடாக எழுதிவைக்கவில்லை. தலையங்கங்களில் அங்கங்கே சொல்லிவிட்டு 1902-ல் இறந்துபோனார். அவருக்குப் பின் அந்தப் பத்திரிகையின் ஆசிரியரான வில்லியம் பீட்டர் ஹாமில்டன்தான், இரு சராசரிகளும் ஒன்றையொன்று உறுதிசெய்ய வேண்டும் என்பதை விடாமல் வலியுறுத்தினார். 1929 அக்டோபரில் தொழில்துறைச் சராசரியும் ரயில்வே சராசரியும் தங்கள் முந்தைய தாழ்வுகளுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்து, அலை திரும்பிவிட்டது என்று அந்த மாதம் 25-ஆம் தேதி அவர் எழுதிய தலையங்கம் புகழ்பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். கொலராடோவில் படுக்கையில் இருந்தபடியே சந்தையை ஆராய்ந்த ராபர்ட் ரியா, ஹாமில்டனின் எழுத்துகளிலிருந்து விதிகளைத் திரட்டி 1932-ல் புத்தகமாக்கினார். இன்று டவ் தியரி என்று நாம் படிப்பது பெரும்பாலும் ரியா வரிசைப்படுத்தித் தந்ததுதான்.

விதி என்ன சொல்கிறது?

சந்தையின் நகர்வைக் கோட்பாடு மூன்றாகப் பிரிக்கிறது. மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீளும் பெரும்போக்கு ஒன்று. அதற்கு எதிர்த்திசையில் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நீடிக்கும் இடைநகர்வு இரண்டாவது. அன்றாட ஏற்றஇறக்கம் மூன்றாவது. இதில் அன்றாட ஆட்டத்தைக் கோட்பாடு பொருட்படுத்துவதே இல்லை. பெரும்போக்கு எது என்பது மட்டுமே அதன் அக்கறை.

பெரும்போக்கு மேல்நோக்கி இருக்கிறது என்பதற்கு அடையாளம், ஒவ்வொரு இடைநகர்வு இறக்கத்துக்குப் பிறகும் இரு சராசரிகளும் முந்தைய உச்சத்தைத் தாண்டுவது. ஒரே நாளில் தாண்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒன்று இன்றும் மற்றொன்று மூன்று வாரம் கழித்தும் தாண்டலாம். இடைவெளி குறையக் குறைய நம்பிக்கை கூடும். கணக்கில் எடுக்க வேண்டியது அந்தந்த நாளின் முடிவு விலையை மட்டுமே. நாளின் நடுவில் தொட்டுவிட்டுத் திரும்பிய உயரங்களுக்கு மதிப்பில்லை.

இனி, ஒன்று மட்டும் தாண்டி மற்றொன்று தாண்டாவிட்டால்? அந்தப் புதிய உச்சத்தை நம்பாதே என்கிறது விதி, அவ்வளவுதான். பெரும்போக்கு திரும்பிவிட்டது என்று அது இன்னும் அறிவிக்கவில்லை. அப்படி அறிவிக்க வேண்டுமானால், இடையில் ஏற்பட்ட இறக்கத்தின் அடிமட்டத்தை இரு சராசரிகளும் உடைத்துக்கொண்டு கீழே போக வேண்டும். அதாவது மேலே போவதற்கு இரண்டு சாட்சிகள் தேவைப்பட்டதுபோல், கீழே போவதற்கும் இரண்டு சாட்சிகள் தேவை. ஒரு சாட்சி மட்டும் இருக்கும்வரை தீர்ப்பு இல்லை, பழைய போக்கே நீடிப்பதாகக் கொள்ள வேண்டும்.

உறுதியாகாத உச்சத்துக்கும் விற்பனை அறிகுறிக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

2007: படிப்படியாக

இப்போது 2007-க்கு வருவோம். ஜூலை 19 அன்று இரு சராசரிகளும் சேர்ந்தே உச்சம் தொட்டன. தொழில்துறை முதன்முறையாக 14,000-க்கு மேல் முடிந்தது. இதுவரை குறை சொல்ல எதுவும் இல்லை. பெரும்போக்கு மேலே, இரு சாட்சிகளும் ஒத்துப்போகின்றன.

ஆகஸ்டில் அமெரிக்க வீட்டுக்கடன் சிக்கல் வெளியே தெரியத் தொடங்கியது. இரண்டும் இறங்கின. ஆகஸ்ட் 16 அன்று தொழில்துறை 12,846-ல் முடிந்தது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் தீர்ப்பு இதை வைத்துத்தான் வரப்போகிறது. போக்குவரத்துக்கும் ஆகஸ்டில் இதேபோல் ஓர் அடிமட்டம் உருவானது.

செப்டம்பரில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் குறைத்தது. தொழில்துறை மளமளவென்று ஏறி அக்டோபர் 9 அன்று 14,164-ஐத் தொட்டது. போக்குவரத்து பின்தங்கியது. அதற்குக் காரணங்களும் கண்ணெதிரே இருந்தன. கச்சா எண்ணெய் பீப்பாய் 80 டாலரில் இருந்தது, எரிபொருள் செலவு ஏறியது. வீடு கட்டுவது ஓராண்டுக்கும் மேலாகக் குறைந்துகொண்டே வந்ததால் மரம், சிமென்ட், வீட்டுச் சாமான் ஏற்றும் வேலையும் சுருங்கியிருந்தது. ஆனால் காரணத்தைத் தேடிப்போகும்படி கோட்பாடு யாரையும் கேட்பதில்லை. புதிய உச்சம் உறுதியாகவில்லை என்பதைக் குறித்துக்கொண்டு காத்திருக்கச் சொல்கிறது.

காத்திருப்பு ஆறு வாரம் நீண்டது. நவம்பருக்குள் போக்குவரத்து தன் ஆகஸ்ட் அடிமட்டத்தை இழந்துவிட்டிருந்தது. நவம்பர் 21 அன்று தொழில்துறை 12,799-ல் முடிந்தது. 12,846-க்கு வெறும் 47 புள்ளிகள் கீழே. ஒரு சதவீதத்தில் பாதிகூட இல்லை. ஆனாலும் கோடு தாண்டப்பட்டுவிட்டது. இரு சாட்சிகளும் கீழ்நோக்கி ஒத்துப்போனதால், பெரும்போக்கு திரும்பிவிட்டது என்று டவ் தியரியைப் பின்பற்றுவோர் அன்றைக்கு அறிவித்தார்கள். உச்சத்திலிருந்து சந்தை அதற்குள் சுமார் 10 சதவீதம் இறங்கியிருந்தது. இந்தக் கோட்பாடு யாரையும் உச்சியில் விற்க வைப்பதில்லை.

அன்று விற்றவர்களுக்கு அடுத்த மூன்று வாரம் சுகமாக இருந்திருக்காது. டிசம்பர் 10 அன்று தொழில்துறை 13,727-க்குத் திரும்பிவிட்டது. விற்ற விலையைவிட 7 சதவீதம் மேலே. அவசரப்பட்டுவிட்டோமோ என்று எவருக்கும் தோன்றும். விதிப்படி பார்த்தால் எதுவும் மாறவில்லை. இரு சராசரிகளும் தங்கள் முந்தைய உச்சங்களைத் தாண்டும்வரை நவம்பர் தீர்ப்பு செல்லும்.

மறுபக்கத்திலிருந்து ஒரு சோதனை

2008 கோடையில் நடந்தது இதைவிடச் சுவையானது. இம்முறை இடம் மாறி, போக்குவரத்து முன்னால் போனது. ஜூன் 5 அன்று அது 5,492-ல் முடிந்தது. முந்தைய ஆண்டு ஜூலை உச்சத்தையே தாண்டிய புதிய சாதனை! எண்ணெய் விலை 2007-ஐவிடப் பலமடங்கு அழுத்தம் தந்துகொண்டிருந்த நேரம் அது, பீப்பாய் 120 டாலரைத் தாண்டியிருந்தது. விமான நிறுவனங்கள் தவித்தன. ஆனால் டன் கணக்கில் பார்த்தால் லாரியைவிட ரயிலுக்கு டீசல் மிகக் குறைவாகச் செலவாகும். நிலக்கரியும் தானியமும் ஏற்றுமதிக்குப் போய்க்கொண்டிருந்தன. ரயில்வே பங்குகள் சராசரியைத் தூக்கிப்பிடித்தன.

பொருளாதாரத்தின் நாடித்துடிப்பு சரக்குப் போக்குவரத்துதான் என்று மட்டும் நம்பிய ஒருவர், ஆபத்து விலகிவிட்டது என்று அன்று முடிவுகட்டியிருப்பார். ஆனால் அதே நாளில் தொழில்துறை 12,604-ல்தான் இருந்தது. தன் அக்டோபர் உச்சத்துக்கு 11 சதவீதம் கீழே. போக்குவரத்தின் சாதனையை அது உறுதிசெய்யவில்லை. 2007-ல் போக்குவரத்து சந்தேகம் எழுப்பியது, 2008-ல் தொழில்துறை சந்தேகம் எழுப்பியது. இரண்டு முறையும் தனியே ஏறியதுதான் தவறாகப் போனது.

போக்குவரத்துதான் எப்போதும் முந்திச் சொல்லும் என்ற பேச்சு சந்தையில் அடிக்கடி கேட்கும். ஹாமில்டனும் ரியாவும் அப்படி ஒரு பக்கத்துக்கு முதலிடம் தரவில்லை. எது முந்தினாலும் மற்றதன் சம்மதம் வேண்டும் என்பதே அவர்கள் சொன்னது. 2008 ஜூன் அதன் காரணத்தைக் காட்டிவிட்டது.

பிறகு நடந்தது தெரிந்த கதை. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. 2009 மார்ச் 9 அன்று தொழில்துறை 6,547, போக்குவரத்து 2,146. நவம்பர் தீர்ப்பன்று 12,799-ல் விற்றவரின் கண்முன்னே சந்தை அதில் ஏறக்குறைய பாதியாகியிருந்தது.

அடிமட்டத்தில் வாங்கும்படியும் கோட்பாடு சொல்லவில்லை. மார்ச்சிலிருந்து ஜூன் வரை இரண்டும் ஏறின, ஜூலைத் தொடக்கம்வரை சற்று இறங்கின, பிறகு மீண்டும் ஏறின. ஜூலை 23 அன்று தொழில்துறை 9,069-ல் முடிந்தபோது வாங்கும் அறிகுறி வந்துவிட்டதாகப் பலர் கணித்தார்கள். அதற்குள் அடியிலிருந்து 38 சதவீத ஏற்றம் கைநழுவிப் போயிருந்தது. ஆனாலும் 12,799-ல் விற்று 9,069-ல் வாங்கியவர், அசையாமல் இருந்தவரைவிட 29 சதவீதம் மலிவாகச் சந்தைக்குள் திரும்பினார். உச்சியிலும் அடியிலும் ஒரு துண்டை விட்டுக்கொடுத்து, நடுத்துண்டை மட்டும் காப்பாற்றிக்கொள்வதே இந்த முறையின் பேரம்.

கீழே போகும்போதும் இதே கேள்வி

உறுதியாகாமை என்றால் கெட்ட செய்தி என்று வைத்துக்கொள்ளக் கூடாது. இறங்கும் சந்தையில் அது நல்ல செய்தியாகவும் வரும். 2002 அக்டோபர் 9 அன்று தொழில்துறை 7,286-க்கு விழுந்தது. ஏறி, மறுபடி இறங்கி, ஈராக் போர் தொடங்கவிருந்த 2003 மார்ச் 11 அன்று போக்குவரத்து தன் அக்டோபர் தாழ்வையும் உடைத்துக்கொண்டு 1,942-க்குப் போனது. யுனைடெட், யுஎஸ் ஏர்வேஸ் ஆகிய இரு பெரிய விமான நிறுவனங்கள் திவால் பாதுகாப்பில் இருந்த காலம் அது. அதே நாளில் தொழில்துறை 7,524-ல் நின்றது, அக்டோபர் தாழ்வுக்கு மேலே.

புதிய தாழ்வு உறுதியாகவில்லை. விற்கும் தரப்பு ஒரு பக்கத்தில் மட்டுமே ஜெயித்திருந்தது. இங்கும் விதி மாறுவதில்லை. வாங்கு என்று உடனே சொல்லவில்லை, இந்த இறக்கத்தை முழுதாக நம்பாதே என்றது. அந்த ஆண்டின் நடுவில் இரண்டும் முந்தைய உச்சங்களைத் தாண்டி மேலே வந்த பிறகே பெரும்போக்கு திரும்பியதாகக் கொள்ளப்பட்டது. அடுத்து வந்தது 2007 வரை நீண்ட காளைச் சந்தை.

தவறிப்போன தீர்ப்பு

நல்ல எடுத்துக்காட்டுகளை மட்டும் அடுக்கினால் எந்தக் கோட்பாடும் அருமையாகத் தெரியும். 2015 இதற்கு நேரெதிர். போக்குவரத்து 2014 டிசம்பர் 29 அன்று 9,217-ல் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது. தொழில்துறை மட்டும் ஏறி 2015 மே 19 அன்று 18,312 என்ற சாதனையைத் தொட்டது. ஐந்து மாத இடைவெளி, உறுதியாகாத உச்சம். 2007-ன் தொடக்கத்தை அச்சாக ஒத்த படம்.

ஆகஸ்ட் கடைசியில், சீனப் பொருளாதாரத்தைப் பற்றிய அச்சத்தில் சந்தை சரிந்தது. கரடிச் சந்தை அறிகுறி வந்துவிட்டதாகக் கோட்பாட்டாளர்கள் பலர் அறிவித்தார்கள். ஆகஸ்ட் 25 அன்று தொழில்துறை 15,666-ல் முடிந்தது. விற்றவர்கள் பெரிய வீழ்ச்சிக்காகக் காத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 11 அன்று அது தொட்ட அடிமட்டம் 15,660. ஆறு புள்ளிகள்தான் குறைவு! அந்த ஜூலையில் தொழில்துறை புதிய சாதனையே படைத்துவிட்டது. அறிகுறியை நம்பி விற்றவர், மலிவாகத் திரும்பி வாங்க வாய்ப்பே இல்லாமல், அதிக விலை கொடுத்து உள்ளே வர வேண்டியிருந்தது.

எங்கே தவறியது? போக்குவரத்தின் சரிவுக்குப் பின்னால் ஒரு துறையின் சொந்தக் கதை இருந்தது. இயற்கை எரிவாயு மலிந்ததால் மின்நிலையங்கள் நிலக்கரியைக் குறைத்தன. எண்ணெய் விலை சரிந்ததால் ரயிலில் கச்சா எண்ணெய் கொண்டுபோகும் தேவையும் குறைந்தது. ரயில்வேக்கு இரண்டும் பெரிய அடி. அது ஆற்றல் துறையின் மந்தம்; நாட்டின் நுகர்வோர் செலவு செய்வதை நிறுத்தவில்லை. சராசரியால் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியவில்லை.

சராசரிக்குள் இருக்கும் குறை

இதற்கு இன்னொரு காரணம் இந்தச் சராசரிகள் கணக்கிடப்படும் விதம். இரண்டும் நிறுவனத்தின் அளவைப் பார்ப்பதில்லை, ஒரு பங்கின் விலையை மட்டுமே பார்க்கின்றன. 20 பங்குகளின் விலைகளைக் கூட்டி, பங்குப் பிரிப்புகளுக்காகச் சரிக்கட்டப்பட்ட ஒரு வகுஎண்ணால் வகுப்பார்கள். எனவே 300 டாலர் பங்கு வைத்திருக்கும் சிறிய நிறுவனம், 30 டாலர் பங்கு வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தைவிடப் பத்து மடங்கு கனமாக நிற்கும்.

2021 நவம்பர் 2 அன்று இது விபரீதமாக வெளிப்பட்டது. வாடகைக் கார் நிறுவனமான ஏவிஸ் பட்ஜெட்டின் பங்கு ஒரே நாளில் இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது. போக்குவரத்துச் சராசரி முழுவதும் அதனோடு சேர்ந்து தாவியது. அன்று நாட்டில் சரக்கு ஒன்றும் கூடுதலாக நகரவில்லை. அப்படி உருவான உச்சத்தைப் பிற்பாடு தாண்டவில்லையே என்று சொல்லி உறுதியாகாமை பேசினால், அது ஒரே பங்கின் ஆட்டத்தைப் பற்றிய பேச்சாகிவிடும். 2024 முழுவதும் தொழில்துறை சாதனைமேல் சாதனை படைத்துக்கொண்டிருக்க, போக்குவரத்து அந்த 2021 உயரத்துக்குக் கீழேயே கிடந்து நவம்பரில்தான் அதைத் தாண்டியது. அந்த இடைவெளியில் சந்தேகப்பட்டு ஒதுங்கியவர்கள் நல்ல ஏற்றம் ஒன்றை இழந்தார்கள்.

பொருளாதாரத்தின் உருவமும் மாறிவிட்டது. தொழில்துறைச் சராசரியில் இன்று மைக்ரோசாஃப்ட், விசா, கோல்ட்மேன் சாக்ஸ் போன்றவை இருக்கின்றன. மென்பொருளையும் கடன் அட்டைப் பரிவர்த்தனையையும் எந்த ரயிலும் சுமப்பதில்லை. சொந்தமாக விமானங்களும் வேன்களும் ஓட்டி உலகிலேயே பெரிய விநியோகங்களில் ஒன்றை நடத்தும் அமேசான், 2024-ல் சேர்க்கப்பட்டது தொழில்துறைச் சராசரியில். ஊபர் அதே சமயத்தில் போக்குவரத்தில் சேர்ந்தது. ஆலையும் ரயிலும் என்ற 1896-ன் பிரிவினை அப்படியே இல்லை.

நம் நாட்டில் இதே ஜோடியை வைத்துப் பார்க்கலாமா என்ற கேள்வி எழலாம். இந்தியாவில் சரக்கின் கணிசமான பங்கைச் சுமக்கும் ரயில்வே அரசுத் துறை, அதற்குப் பங்குவிலை கிடையாது. லாரிகளில் பெரும்பாலானவை சந்தையில் பட்டியலாகாத சிறு உரிமையாளர்களிடம் இருக்கின்றன. எனவே சென்செக்ஸோடு ஒப்பிட, அமெரிக்கப் போக்குவரத்துச் சராசரிக்கு ஈடான இரண்டாவது சாட்சி இங்கே எளிதில் கிடைப்பதில்லை.

கணக்குப் பார்த்தவர்கள்

இந்தக் கோட்பாடு பலித்ததா என்று முதலில் முறையாகச் சோதித்தவர் ஆல்ஃபிரட் கவுல்ஸ். 1904 முதல் 1929 வரை ஹாமில்டன் எழுதிய தலையங்கங்களை எடுத்து, அவர் சொன்னபடி வாங்கி விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டார். ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம் வந்தது. ஒன்றும் செய்யாமல் பங்குகளை வைத்திருந்தவருக்கோ 15.5 சதவீதம். 1933-ல் வெளியான இந்த முடிவு, டவ் தியரிக்குச் சாவுமணி என்று பலகாலம் கருதப்பட்டது.

1998-ல் ஸ்டீஃபன் பிரவுன், வில்லியம் கெட்ஸ்மன், அலோக் குமார் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதே தலையங்கங்களை மறுபடி எடுத்தார்கள். கவுல்ஸ் விட்டுவிட்ட ஒன்றை அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். ஹாமில்டன் பல மாதங்கள் சந்தைக்கு வெளியே இருந்தார், அந்தக் காலத்தில் அவருக்கு இழப்பு அபாயமே இல்லை. ஏற்ற அபாயத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அவரது கணிப்புகள் சோடைபோகவில்லை என்று அவர்கள் காட்டினார்கள். இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. கோட்பாடு லாபத்தில் கொஞ்சம் பறித்துக்கொண்டு, அதற்கு ஈடாகப் பெரிய சரிவுகளைக் கொஞ்சம் குறைத்துத் தருகிறது.

அடுத்த முறை செய்தி வரும்போது

'போக்குவரத்துக் குறியீடு பின்தங்குகிறது, எச்சரிக்கை' என்ற தலைப்பு ஒவ்வோர் ஆண்டும் எங்கேனும் வரும். அதைப் படிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, தொழில்துறையின் புதிய உச்சத்துக்கும் போக்குவரத்தின் பழைய உச்சத்துக்கும் நடுவே எவ்வளவு காலம் ஓடியிருக்கிறது என்பதை. மூன்று வாரம் என்றால் பேசவே தேவையில்லை. ஐந்து மாதம் என்றால் கவனிக்கலாம். அடுத்து, பின்தங்கலுக்குக் காரணம் பல பங்குகளா, ஒன்றிரண்டு பங்குகளா என்று பார்க்க வேண்டும். ரயில், லாரி, கூரியர் மூன்றும் சேர்ந்து துவண்டிருந்தால் அதற்கு ஒரு மதிப்பு, ஒரு வாடகைக் கார் நிறுவனம் மட்டும் என்றால் வேறு மதிப்பு.

கடைசியாக, இடையில் உருவான அடிமட்டத்தின் எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2007-ல் அது 12,846. இரு சராசரிகளும் அந்த அடிமட்டங்களுக்கு மேலே முடியும்வரை, உறுதியாகாத உச்சம் சந்தேகமாக மட்டுமே இருக்கும். இரண்டும் கீழே முடிந்த நாளில் கோட்பாடு தன் தீர்ப்பைச் சொல்லும். அந்தத் தீர்ப்பும் 2015-ல் போல் தவறலாம் என்பதால், அதை வைத்து மொத்தச் சேமிப்பையும் உருட்டுவது ஹாமில்டன் சொன்ன எதிலும் இல்லை. புதிதாகப் போடவிருக்கும் பணத்தை நிறுத்திவைப்பதா, கடன் வாங்கிப் போட்ட பங்குகளைக் குறைப்பதா என்று யோசிக்க அது ஒரு காரணம் தருகிறது. இரண்டு வரிசை விலைகளை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குமேல் சொல்ல இயலாது.